ஷேர் சர்டிஃபிகேட் உங்கள் கையில், பெயர் அவர்கள் நோட்டில்: பங்கு மாற்றத்தை கம்பெனி மறுத்தால் என்ன செய்வது?

குடும்ப கம்பெனியிலோ, நண்பர்கள் சேர்ந்து ஆரம்பித்த ஸ்டார்ட்அப்பிலோ பங்கு வாங்கியிருக்கிறீர்கள். பணம் கொடுத்தாச்சு, கையெழுத்தும் ஆச்சு, ஷேர் சர்டிஃபிகேட்டும் கைக்கு வந்தாச்சு. ஆனாலும் நீங்கள் இன்னும் அந்த கம்பெனியின் உறுப்பினர் இல்லை. கம்பெனியிடம் இருக்கும் ஒரு பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறினால்தான் உறுப்பினர்.

அந்தப் பதிவேடு யாரிடம் இருக்கிறது? பெரும்பாலும், உங்கள் பெயர் ஏறக் கூடாது என்று நினைப்பவரிடமே. சிக்கலின் வேர் அதுதான். சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. ஆனால் அந்த வழியில் ஒரு கடிகாரம் ஓடுகிறது. நம்மில் பலர் தோற்பது சட்டத்தில் இல்லை, அந்தக் கடிகாரத்தில்தான்.

(பங்குச் சந்தையில் ஆப் மூலம் வாங்கும் பங்குகளுக்கு இந்தப் பிரச்சினை வராது. அவை டீமேட் கணக்கில் தானாக மாறிவிடும். இங்கே பேசுவது பட்டியலிடப்படாத பிரைவேட் லிமிடெட் கம்பெனிகளின் காகிதப் பங்குகளைப் பற்றி.)

சர்டிஃபிகேட்டா, பதிவேடா: எது பெரிது?

2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 46-வது பிரிவுப்படி, ஷேர் சர்டிஃபிகேட் என்பது ஒருவரின் பங்குரிமைக்கு முதல்நிலைச் சான்று. அதாவது, வேறு யாராவது தவறு என்று நிரூபிக்கும் வரை அது சரி என்றே எடுத்துக்கொள்ளப்படும். ஆனால் சர்டிஃபிகேட்டில் இருப்பது விற்றவரின் பெயர்தானே? அதை உங்களிடம் கொடுத்துவிட்டதால் மட்டும் நீங்கள் உறுப்பினர் ஆகிவிட மாட்டீர்கள்.

உறுப்பினர் யார் என்பதைச் சொல்வது 88-வது பிரிவின் கீழ் ஒவ்வொரு கம்பெனியும் வைத்திருக்க வேண்டிய உறுப்பினர் பதிவேடு. படிவத்தின் பெயர் MGT-1. யார், எந்த முகவரி, எத்தனை பங்கு, எந்த எண் முதல் எந்த எண் வரை, எந்தத் தேதியில் வந்தது, எந்தத் தேதியில் போனது என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஓட்டுப் போடும் உரிமை, டிவிடெண்ட், பொதுக்குழுக் கூட்ட நோட்டீஸ் எல்லாமே இந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் போகும்.

நிலம் வாங்குகிறவர்களுக்கு இது எளிதாகப் புரியும். கிரயப் பத்திரம் கையில் இருக்கும், பட்டா மட்டும் பழையவர் பெயரிலேயே இருக்கும். கிட்டத்தட்ட அந்த நிலைமைதான். ஒரே வித்தியாசம், பட்டா தாலுகா ஆபீஸில் இருக்கிறது. உறுப்பினர் பதிவேடோ எதிராளியின் பீரோவில் இருக்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கு: தொண்டூர் அரிசி ஆலை

விஷயத்தைத் தெளிவாகப் பார்க்க ஒரு கற்பனை உதாரணம் வைத்துக்கொள்வோம். செஞ்சி பக்கத்துத் தொண்டூரில் ஒரு அரிசி ஆலை. பிரைவேட் லிமிடெட், சட்டத்தின் வரையறைப்படி சிறு நிறுவனம். மொத்தம் 1,000 பங்குகள், எல்லாவற்றுக்கும் முழுப் பணம் கட்டப்பட்டிருக்கிறது. அதில் 200 பங்குகள் ஒரு அம்மாவின் பெயரில் இருக்கின்றன. ஆலையை நடத்தும் இயக்குநர் அவருடைய அண்ணன். அந்த அம்மா தன் 200 பங்குகளையும், சென்னையில் வேலை பார்க்கும் தன் மருமகனுக்குப் பங்கு 500 ரூபாய் வீதம் ஒரு லட்சத்துக்கு விற்கிறார்.

செய்ய வேண்டியவை அதிகம் இல்லை. SH-4 என்ற பங்கு மாற்றப் படிவத்தில் விற்பவர், வாங்குபவர் இருவரும் தேதியோடு கையெழுத்துப் போட வேண்டும். ஸ்டாம்ப் டியூட்டி விலையில் 0.015 சதவீதம். ஒரு லட்சத்துக்கு வெறும் 15 ரூபாய். கையெழுத்தான நாளிலிருந்து 60 நாட்களுக்குள் அந்தப் படிவமும் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டும் கம்பெனிக்குப் போய்ச் சேர வேண்டும். இதில் ஸ்டாம்ப் இல்லை, தேதி இல்லை, சர்டிஃபிகேட் இல்லை என்றால் கம்பெனி மறுப்பது நியாயமே. அந்த மறுப்பை எங்கே போனாலும் உடைக்க முடியாது. அதனால் சண்டைக்குப் போவதற்கு முன் உங்கள் காகிதங்கள் சுத்தமாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் உதாரணத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. 2025 மார்ச் 3-ம் தேதி காகிதங்கள் ஆலையின் பதிவு அலுவலகத்துக்குப் போய்ச் சேருகின்றன. கம்பெனி ஒப்புக்கொண்டால் கதை சுலபம். போர்டு ஒப்புதல் கொடுத்த ஏழு நாட்களுக்குள் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். காகிதம் வந்த ஒரு மாதத்துக்குள் புதுப் பெயரில் சர்டிஃபிகேட் கொடுக்க வேண்டும்.

ஆனால் இங்கே அப்படி நடக்கவில்லை. போன் பண்ணிக் கேட்டால், "போர்டு மீட்டிங் வரட்டும் மாப்ளே, பாத்துக்கலாம்" என்கிறார் மாமா. ஏப்ரலில் கேட்டால், "நெல்லு சீசன் முடியட்டும்" என்கிறார். மருமகனும் பெரியவரிடம் எதற்கு வம்பு என்று பொறுமையாக இருக்கிறார்.

அந்த 60 நாள் கடிகாரம்

சட்டத்தின் 58-வது பிரிவு என்ன சொல்கிறது? பிரைவேட் கம்பெனி மறுக்கலாம். ஆனால் காகிதம் வந்து சேர்ந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் விற்றவர், வாங்கியவர் இருவருக்கும் மறுப்பு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அதில் காரணமும் எழுத வேண்டும். நம் கணக்கில் அந்த 30 நாள் ஏப்ரல் 2-ம் தேதியோடு முடிகிறது.

நோட்டீஸ் வந்தால், அது கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தில், அதாவது என்.சி.எல்.டி.யில், மேல்முறையீடு செய்ய வேண்டும். நோட்டீஸே வரவில்லை என்றால்? காகிதம் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் போக வேண்டும். நம் கணக்கில் அது மே 2-ம் தேதி.

இதைக் கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். கம்பெனி "முடியாது" என்று சொல்லவே இல்லை. ஆனாலும் உங்கள் காலக்கெடு மார்ச் 3-ம் தேதியே ஓட ஆரம்பித்துவிட்டது. மாமா போனில் சொன்ன "பாத்துக்கலாம்" அதை ஒரு நாள்கூட நிறுத்தவில்லை. சட்டத்தின் பார்வையில் மௌனமும் ஒரு மறுப்புதான்.

காலக்கெடு தாண்டிப் போனால் தீர்ப்பாயத்தில் முதல் சண்டையே தாமதத்தைப் பற்றித்தான் இருக்கும். மறுப்பு நியாயமா இல்லையா என்ற கேள்விக்கு வருவதற்கே மாதங்கள் ஆகலாம். நேர்மையான மறுப்பு நோட்டீஸைவிட இனிப்பான மௌனம் ஆபத்தானது என்பது அதனால்தான்.

ஆகவே, சேர்ந்த தேதிக்கு அத்தாட்சி வேண்டும். நேரில் கொடுத்தால் நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். "சீல் எல்லாம் எதுக்கு, நம்ம வீட்டுக்குள்ளதானே" என்றால், ஸ்பீடு போஸ்ட்டில் பதிவு அலுவலக முகவரிக்கு அனுப்பி டெலிவரி விவரத்தை எடுத்து வையுங்கள். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை அனுப்பும் முன் இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். சர்டிஃபிகேட் எண்ணும் பங்கு எண்களும் தெளிவாகத் தெரிய வேண்டும். தீர்ப்பாயத்தில் நீங்கள் முதலில் நிரூபிக்க வேண்டியது, காகிதம் எந்தத் தேதியில் போய்ச் சேர்ந்தது என்பதைத்தான்.

எந்த மறுப்பு தவறான மறுப்பு?

ஏப்ரல் 1-ம் தேதி ஒரு கடிதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "பங்குகள் எங்கள் வகையறாவுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று முன்னோர் காலத்திலேயே பேசி முடித்திருக்கிறது. ஆகவே வெளியாருக்கு மாற்ற இயலாது." கேட்க நியாயமாகக்கூடத் தோன்றலாம். சட்டப்படி இது செல்லுமா?

இதற்குத் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலேயே பதில் இருக்கிறது. வி.பி.ரங்கராஜ் – வி.பி.கோபாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991 நவம்பரில் தீர்ப்பளித்தது. அந்தக் குடும்ப கம்பெனியில் மொத்தமே 50 பங்குகள்தான். இரண்டு சகோதரர்கள், ஆளுக்கு 25. இரண்டு கிளைகளும் எப்போதும் சமமாகவே பங்கு வைத்திருக்க வேண்டும், யாராவது விற்பதாக இருந்தால் முதலில் தன் கிளையினருக்கே கேட்க வேண்டும் என்று 1951-ல் வாய்மொழியாகப் பேசி வைத்திருந்தார்கள். சகோதரர்கள் காலமான பிறகு, ஒரு கிளையைச் சேர்ந்த மகன் தன் பங்குகளை அடுத்த கிளைக்கு விற்றுவிட்டார். அவருடைய சொந்தக் கிளையினர் வழக்குப் போட்டார்கள்.

கீழ் நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் வழக்குப் போட்டவர்கள் பக்கம் நின்றன. உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. அந்தப் பேச்சு உண்மையாகவே நடந்திருந்தாலும், அது கம்பெனியின் ஆர்ட்டிகிள்ஸில் இடம்பெறவில்லை. ஆர்ட்டிகிள்ஸ் என்பது கம்பெனியின் உள்விதிகள், பதிவாளரிடம் தாக்கல் செய்யப்படும் ஆவணம். அதில் இல்லாத கட்டுப்பாடு கம்பெனியையும் கட்டுப்படுத்தாது, பங்குதாரர்களையும் கட்டுப்படுத்தாது என்பதே தீர்ப்பின் சாரம்.

தொண்டூர் ஆலைக்கும் இதுவே அளவுகோல். தாத்தா சொன்னதைத் தேடிப் போக வேண்டாம், ஆர்ட்டிகிள்ஸில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பல சிறு கம்பெனிகள் சட்டத்தின் இணைப்பில் இருக்கும் மாதிரி விதிகளையே, அதாவது டேபிள் எஃப் என்பதையே, அப்படியே எடுத்துக்கொள்கின்றன. அதன் 20-வது விதிப்படி, "இந்த ஆள் எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்று இயக்குநர்கள் மறுக்க முடிவது முழுப் பணம் கட்டாத பங்குகளுக்கு மட்டும்தான். கம்பெனிக்குப் பிடிமான உரிமை உள்ள, அதாவது கடன் பாக்கிக்காக நிறுத்திவைக்கக்கூடிய, பங்குகளையும் மறுக்கலாம். நம் உதாரணத்தில் பங்குகள் முழுப் பணம் கட்டியவை, பாக்கியும் இல்லை. ஆலை டேபிள் எஃப் விதிகளில் இருந்தால் மாமாவின் கடிதத்துக்கு நிற்க இடமே இல்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சில கம்பெனிகளின் ஆர்ட்டிகிள்ஸில், விற்பவர் முதலில் மற்ற உறுப்பினர்களிடம் கேட்க வேண்டும் என்று தெளிவாகவே எழுதியிருக்கும். அதைச் செய்யாமல் விற்றால் மறுப்பு சரியே. இயக்குநர்களுக்கு மறுக்கும் அதிகாரத்தை அகலமாகவே கொடுத்திருக்கும் ஆர்ட்டிகிள்ஸும் உண்டு. அங்கேயும் அந்த அதிகாரம் எல்லையில்லாதது அல்ல. பஜாஜ் ஆட்டோ – பிரோதியா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1970-லேயே அளவுகோலை வகுத்துவிட்டது. இயக்குநர்கள் கம்பெனியின் நலனுக்காக நடந்தார்களா, தவறான கொள்கையில் முடிவெடுத்தார்களா, உள்நோக்கம் ஏதும் இருந்ததா என்று நீதிமன்றம் பார்க்கும். "எங்க இஷ்டம்" என்பது பதில் ஆகாது.

தீர்ப்பாயத்தில் என்ன கேட்கலாம்?

விழுப்புரம் மாவட்டத்தில் பதிவு அலுவலகம் உள்ள கம்பெனி என்றால் என்.சி.எல்.டி.யின் சென்னை அமர்வுக்குப் போக வேண்டும். மனு NCLT-1 படிவத்தில். அதன் நகலை உடனே கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும்.

தீர்ப்பாயத்துக்கு நியாயம் தெரிந்தால் இரண்டில் ஒன்றைச் செய்யும். பங்கு மாற்றத்தைப் பதிவு செய்யச் சொல்லி உத்தரவிடும். கம்பெனி உத்தரவு கிடைத்த பத்து நாட்களுக்குள் செய்ய வேண்டும். அல்லது பதிவேட்டைத் திருத்தச் சொல்லும், கூடவே உங்களுக்கு நஷ்டம் ஏற்பட்டிருந்தால் ஈடு கொடுக்கவும் சொல்லலாம். உத்தரவை மீறினால் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் முதல் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது 58-வது பிரிவு.

பக்கத்திலேயே 59-வது பிரிவும் இருக்கிறது. அது இன்னும் அகலமானது. போதிய காரணமின்றி ஒருவர் பெயரைப் பதிவேட்டில் சேர்த்தாலோ, நீக்கினாலோ, சேர்க்க வேண்டியதைத் தேவையின்றித் தாமதப்படுத்தினாலோ பதிவேட்டைத் திருத்தக் கேட்கலாம். பாதிக்கப்பட்டவர் மட்டுமல்ல, எந்த உறுப்பினரும், ஏன், கம்பெனியேகூடக் கேட்கலாம். இழுத்தடிக்கும் வழக்குகளில் இது முக்கியமான கதவு. ஆனால் இந்தக் கதவு இருக்கிறதே என்று 58-வது பிரிவின் காலக்கெடுவைத் தவறவிடாதீர்கள்.

ஒரு எல்லையும் உண்டு. விற்றவரின் கையெழுத்தே போலி, பங்கு யாருக்குச் சொந்தம் என்பதே சண்டை என்றால், பெரிய அளவில் சாட்சி விசாரிக்க வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட கேள்விகளை சிவில் நீதிமன்றத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று அமோனியா சப்ளைஸ் வழக்கில் 1998-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தரப்பு "இதில் மோசடி இருக்கிறது" என்று ஒரு வரி எழுதி வழக்கைத் திசைதிருப்பப் பார்க்கும். சலசானி உதய சங்கர் வழக்கில் 2024-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது: மோசடி என்று குற்றம் சாட்டுவது மட்டும் போதாது, அது உண்மையிலேயே சிக்கலான கேள்வியா என்று தீர்ப்பாயம் பார்க்க வேண்டும். நம் உதாரணத்தில் விற்ற அம்மாவே "ஆமாம், நான்தான் விற்றேன்" என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தால் அந்தத் தந்திரம் அங்கேயே செத்துவிடும். அவரையும் வழக்கில் உங்கள் பக்கம் வைத்திருங்கள்.

வழக்கு நடக்கும்போது டிவிடெண்ட் யாருக்கு?

பலருக்குத் தெரியாத பகுதி இது. மாற்றப் படிவம் கம்பெனிக்கு வந்து இன்னும் பதிவாகாமல் இருந்தால், அந்தப் பங்குகளின் டிவிடெண்டைத் தனியாக, வழங்கப்படாத டிவிடெண்ட் கணக்கில் போட்டு வைக்க வேண்டும் என்கிறது 126-வது பிரிவு. உரிமைப் பங்கு, போனஸ் பங்கு அறிவித்தால் அதையும் நிறுத்தி வைக்க வேண்டும். பதிவேட்டில் பெயர் உள்ளவர், அதாவது விற்றவர், "வாங்கியவருக்கே டிவிடெண்டைக் கொடுங்கள்" என்று எழுதிக் கொடுத்தால் உங்களுக்கே கொடுக்கலாம். விற்பனையன்றே இந்தக் கடிதத்தையும் வாங்கிவிடுவது புத்திசாலித்தனம். ஓட்டு மட்டும் பதிவேட்டில் பெயர் இருப்பவருக்கே இருக்கும். அதனால் கூட்டத்துக்கு முன் அவரிடம் பிராக்ஸி கேளுங்கள்.

உங்கள் பெயர் ஏறியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உறுப்பினர் பதிவேட்டை உறுப்பினர்கள் இலவசமாகப் பார்க்கலாம். உறுப்பினர் அல்லாதவரும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். ஒரு முறைக்கு 50 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. காட்ட மறுக்கிறார்களா? mca.gov.in தளத்தில் கம்பெனியின் வருடாந்திர அறிக்கையைக் கட்டணம் கட்டிப் பாருங்கள். MGT-7 அல்லது சிறு நிறுவனங்களுக்கான MGT-7A. அதோடு பங்குதாரர் பட்டியல் இருக்கும். அதில் இன்னும் பழைய பெயரே இருந்தால் போனில் கேட்ட சமாதானங்களை மறந்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம். சிறு நிறுவனம் அல்லாத பிரைவேட் கம்பெனிகள் தங்கள் பங்குகளை டீமேட்டுக்கு மாற்ற வேண்டும் என்று விதி வந்துவிட்டது. அதற்கான கெடு 2025 ஜூன் 30-ல் முடிந்தது. அப்படிப்பட்ட கம்பெனியில் காகித சர்டிஃபிகேட்டை வைத்து பங்கு வாங்காதீர்கள். விற்பவர் முதலில் டீமேட்டுக்கு மாற்றட்டும்.

மாற வேண்டியது என்ன?

சட்டம் மோசமில்லை. காரணம் எழுதச் சொல்கிறது, காலக்கெடு வைக்கிறது, மீறினால் சிறை என்கிறது. ஆனால் முதல் அடியிலேயே ஒரு ஓட்டை. காகிதம் வந்து சேர்ந்ததற்கு ரசீது கொடு என்று கம்பெனியை அது அழுத்திக் கேட்பதில்லை. 60 நாள் கடிகாரம் ஓட ஆரம்பிப்பதே அந்தத் தேதியில்தான். மறுக்க நினைப்பவரிடமே பதிவேட்டையும் கொடுத்துவிட்டு, வந்த தேதியைச் சொல்லும் வேலையையும் அவருக்கே விட்டுவைத்திருக்கிறோம்.

வருடாந்திர அறிக்கை எம்.சி.ஏ. தளத்தில் ஏறுகிறது, இயக்குநர் மாறினால் அதுவும் ஏறுகிறது. பங்கு மாற்றப் படிவத்தையும் வாங்குபவரே அந்தத் தளத்தில் பதிவு செய்து ஒரு எண்ணும் தேதியும் வாங்க முடிந்தால் இந்தச் சண்டைகளில் பாதி தொடங்கவே தொடங்காது. அதோடு, 30 நாளில் வாயே திறக்காத கம்பெனி பிறகு தீர்ப்பாயத்தில் வந்து புதுப்புதுக் காரணம் சொல்ல அனுமதிக்கக் கூடாது. மௌனமாக இருந்தவருக்குக் காரணம் இல்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த மாற்றம் வரும் வரை, காகிதம் கொடுத்த அன்றே காலண்டரில் இரண்டு தேதிகளைக் குறித்து வையுங்கள். முப்பதாவது நாள், அறுபதாவது நாள். முப்பதாவது நாள் வரை மரியாதையாகக் காத்திருங்கள். அதற்குள் பெயரும் ஏறவில்லை, பதிலும் வரவில்லை என்றால் மறுநாளே வக்கீலைப் பாருங்கள். மாமாவிடம் பேச்சுவார்த்தை ஒரு பக்கம் நடக்கட்டும். மனு மறுபக்கம் தயாராகட்டும்.